அலட்டாமல் ஆறுதல் சொல்வது எப்படி?

அன்று கரமனையில் அந்த முன்னறையில் இருந்தவர்கள்: அரசு அலுவலகத்தில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வுபெற்ற தங்கையன் சார், பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வுபெற்ற ஜெசிந்தா டீச்சர், பழவங்காடிப் பக்கம் பெயின்ட் கடை வைத்திருக்கும் மோசஸ் அண்ணன், பிறகு நான். வீட்டுக்காரர் பிரிசில்லா அக்கா, தையல்காரர். எதிர்த் தெரு மாமி கொஞ்சம் பிந்தி, ரசப் பாத்திரத்தோடு வந்தார்.

வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் போதகர் ஐயா. அவருக்கு விழிஞ்ஞத்தில் ஒரு கல்யாணம். இன்னொருத்தி பெனிட்டா, பிரிசில்லா அக்காவின் ஒரே மகள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் பதினொரு நாள் கழித்துத் திரும்பி வந்த விதத்தை இங்கே எழுத வேண்டாம். வயது பத்தொன்பது. சுவரில் புதிதாக மாட்டிய படத்தில் ஒரு பக்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஏழு நாளாக அந்த வீட்டுக்கு முறை வைத்துப் போய்வந்த நாங்கள் நான்கு பேரும் அவள் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. வாய் வராமல் அல்ல. நான் போட்ட சட்டம் அது.

போன வாரம் இந்தப் பக்கத்தில், முதல் சம்பளத்தில் வாங்கிய செருப்பு கடித்த கதையை எழுதியிருந்தேன். ஒரு வாசகர், "உங்களைப் பற்றி இவ்வளவு கேவலமாக எழுத வேண்டுமா?" என்று வருத்தப்பட்டிருந்தார். ஐயா, செருப்புக் கதையில் நான் எவ்வளவோ மரியாதையாக இருக்கிறேன். இந்த வாரம் படித்துப் பாருங்கள்.

விளக்கம் சொல்பவன்

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா பாறசாலைப் பக்கம் குவாரியில் கல்லுடைத்தவர். அம்மா முந்திரி ஆலையில் தோலுரித்தவள். மூன்றாம் வகுப்பிலிருந்தே ரேஷன் கார்டு, கரண்ட் பில், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் என் கைக்குத்தான் வரும். நான் படித்து, தொண்டையைச் செருமி, "இது என்ன சொல்லுதுன்னா..." என்று ஆரம்பிப்பேன். அப்பா பீடியை அணைத்துவிட்டுக் கேட்பார்.

ஒரு மனிதன் எட்டு வயதிலேயே வீட்டுக்கு விளக்கவுரையாளன் ஆகிவிட்டால் பிற்காலத்தில் அவனை யாரும் நிறுத்த முடியாது. மழை பெய்தால் விளக்கம் சொல்வேன். பஸ் பிந்தினால் விளக்கம் சொல்வேன். ஒருமுறை அம்மாவுக்குப் பல்வலி. பல்லின் அமைப்பைப் பற்றி அவளுக்கு விளக்கினேன். வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி அவள், "மக்ளே, நீ கொஞ்ச நேரம் வெளிய போய் வெளையாடு" என்றாள்.

எங்கள் சபை மலையாளம் பேசும் நகரத்துக்குள் இருக்கும் சின்னத் தமிழ்ச் சபை. துக்க வீடுகளுக்குப் போய்வர அதில் ஒரு குழு உண்டு. அந்தக் குழு ஒரு வீட்டில், கணவனைப் பறிகொடுத்த பெண்ணிடம், "குடும்ப ஜெபம் ஒழுங்கா நடந்துச்சா?" என்று கேட்டுவிட்டது. அந்தப் பெண் சபையையே மாற்றிக்கொண்டார். போதகர் ஐயா நொந்துபோய், பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு வேண்டும் என்றார். பைபிளில் யோபின் புத்தகம், ஆறு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் ஹாலில். யோபின் நண்பர்கள் செய்த தப்பை நாம் செய்யாமலிருக்கப் பழக வேண்டும்.

யார் எடுப்பது என்ற பேச்சு வருவதற்குள் என் கை மேலே போய்விட்டது.

மணி

யோபு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. (விளக்கம் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டாயிற்று.) நல்ல மனிதன். ஒரே நாளில் ஆடுமாடு, வேலைக்காரர்கள், பத்துப் பிள்ளைகள், எல்லாம் போகிறது. பிறகு உடம்பெல்லாம் கொப்புளம். சாம்பலில் உட்கார்ந்து ஓட்டாஞ்சில்லால் சுரண்டிக்கொள்கிறான். நண்பர்கள் மூன்று பேர் வெவ்வேறு ஊரிலிருந்து பேசிவைத்துக்கொண்டு வருகிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது அவனை அடையாளமே தெரியவில்லை. சத்தமிட்டு அழுகிறார்கள். அவனோடு தரையில் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதுவரை சரி. யோபு வாய்திறந்து, தான் பிறந்த நாளைச் சபித்ததும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. எலிப்பாஸ் மெதுவாக ஆரம்பிக்கிறான்: நீ எத்தனையோ பேரைத் தேற்றியவன், உனக்கு வந்ததும் கலங்குகிறாயே, குற்றமில்லாதவன் அழிந்தது உண்டா? ராத்திரியில் தனக்கு ஒரு தரிசனம் கிடைத்தது என்றும் சேர்த்துக்கொள்கிறான். பில்தாத் இன்னும் ஒரு படி மேலே: உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கு அனுபவித்தார்கள். சோப்பார் உச்சம்: உனக்குக் கிடைத்தது குறைவுதான். மூன்று பேருக்கும் ஒரே கணக்கு. துன்பம் இருந்தால் அதற்குப் பின்னால் தப்பு இருக்கும். அந்தக் கணக்கைக் காப்பாற்ற நண்பனைக் குற்றவாளி ஆக்குகிறார்கள். கடவுளுக்காகப் பொய் பேசுகிறீர்களா என்று யோபு கேட்பது அதனால்தான்.

இதை நான் அழகாகச் சொல்லிக்கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு மேசை மணி வாங்கினேன்.

மணி பயிற்சிக்கு. ஒருவர் யோபாக பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து ஆறுதல் சொல்ல வேண்டும். நண்பர்களின் தப்பு வந்தால் நான் டிங் அடிப்பேன். முதல் யோபு மோசஸ் அண்ணன். கடை எரிந்துபோனதாக வைத்துக்கொண்டோம்.

தங்கையன் சார் எழுந்து போய், "மோசஸ், இதுலயும் ஒரு நன்மை இருக்கும்" என்றார்.

டிங்.

"சார், காரணம் தேடக் கூடாது."

ஜெசிந்தா டீச்சர்: "உயிருக்கு ஒண்ணும் ஆகலையே, அதுக்கு ஸ்தோத்திரம் சொல்லணும்."

டிங்.

"டீச்சர், 'அந்த மட்டுக்கும்' ஆறுதல் வேண்டாம். இருக்கிறதைக் காட்டிப் போனதைச் சின்னதாக்கக் கூடாது."

சார் மறுபடி: "எனக்கும் ஒருதடவை ஃபைல் முழுக்க நனைஞ்சு போச்சு..."

டிங். "நம்ம கதையைச் சொல்லக் கூடாது."

"பின்னே எந்து மயிரெடுக்கத்தான்டே நாங்க போறது?" என்றார் யோபு.

வகுப்புக்கு நான் ஒட்டிய போஸ்டரில் 'அலட்டாமல் ஆறுதல் சொல்வது எப்படி?' என்று போட்டிருந்தேன். நண்பர்களைப் பார்த்து யோபு, நீங்கள் எல்லாரும் அலட்டுகிற தேற்றரவாளர்கள் என்கிற இடம் ஒன்று உண்டு. அங்கிருந்து எடுத்தது. அலட்டல் என்றால் பந்தா, தன்னைக் காட்டிக்கொள்வது என்று விளக்கினேன்.

கடைசி நாற்காலியில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பிரிசில்லா அக்கா கையைத் தூக்கினார். "எபி, எனக்கு ஸ்கூல்ல மலையாளம்தான். நம்ம இங்க அலட்டுறதுன்னா வேற அல்லே? நிம்மதியா இருக்க விடாம நச்சரிக்கிறது. வயித்துவலி ஒருத்தர அலட்டும். கடன் அலட்டும்."

"அது மலையாளம் அக்கா. தமிழ்ல அப்படி இல்ல" என்றேன்.

பைபிள் தமிழில் அப்படியேதான் என்று அகராதியைப் பார்த்த பிறகு தெரிந்தது. வகுப்பில் திருத்தவில்லை. அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மூன்றாம் ஞாயிறு அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார்.

ஏழு நாள் ட்யூட்டி

அடக்கம் முடிந்த மறுநாள் நாங்கள் நால்வரும் ஹாலில் கூடினோம். எல்லாருக்கும் உண்மையான துக்கம். பெனிட்டா எங்கள் பாடகர் குழுவில் பாடியவள். அதோடு, சொல்லக் கூசுகிறது, எனக்குள் ஒரு சின்னப் பரபரப்பும் இருந்தது. படித்ததைச் செய்து பார்க்க இடம் வந்துவிட்டதே.

"நண்பர்கள் செஞ்ச ஒரே சரியான காரியம் ஏழு நாள் பேசாம இருந்ததுதான்" என்றேன். "நாமளும் அதையே செய்வோம். ஒரு வார்த்தை பேசாண்டாம். பெயரைச் சொன்னா அழுவாங்க, அதனால பெயரும் வேண்டாம்."

தங்கையன் சார் அலுவலகப் பழக்கத்தில் உடனே கோடு போட்டு அட்டவணை தயாரித்தார். காலை ஒருவர், மாலை ஒருவர், ஏழாம் நாள் எல்லாரும். நான் ஒரு கார்டு அடித்து லேமினேட் செய்தேன். 'சொல்லக் கூடாத பத்து'. சட்டைப் பையில் வைக்கிற அளவு.

இப்போது அந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். காலையில் ஒருவர் வருவார். நாற்காலியில் உட்கார்ந்து அக்காவையே பார்ப்பார். அக்கா எழுந்து போய்ச் சாயா போடுவார். வந்தவர் குடிப்பார். பார்ப்பார். ஒரு மணி நேரம் ஆனதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். மாலையில் இன்னொருவர். மறுபடி சாயா. யோபின் நண்பர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். நாங்கள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தோம். அவர்களுக்கு யோபு சாயா போட்டதாக எங்கும் இல்லை.

என் முறை வந்தபோது அக்கா ஒருமுறை, "அவளுக்குச் சாயாவுல ஏலக்காய் போட்டா பிடிக்காது, கேட்டோ" என்றார். பதிலுக்காக என்னைப் பார்த்தார். நான் சட்டத்தின்படி மௌனமாகத் தலையை ஆட்டினேன். என் முகத்தில் அப்போது மிகுந்த கனிவு இருந்ததாக நினைவு. அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

டிங்

ஏழாம் நாள். முதலில் சொன்ன முன்னறை. நான்கு பேரும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். தையல் மிஷின் மேல் துணி மூடியிருந்தது. பள்ளி திறக்க மூன்று வாரம்தான் இருந்தது. தைத்து முடித்த யூனிஃபார்ம் சட்டைகள் மூலையில் மூட்டையாக.

எதிர்த் தெரு அக்கிரகாரத்து மாமி உள்ளே வந்தார். ரசப் பாத்திரத்தை வைத்துவிட்டு அக்காவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெனிட்டா மாதிரிக் கொழந்தை கெடைக்குமாடீ? நல்லவாளைத்தான் பகவான் சீக்கிரம் கூப்டுண்டுடறார்" என்றார்.

கார்டில் அது நான்காவது. என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று.

"மாமி, மன்னிக்கணும். அப்படிச் சொல்றது சரியில்ல. அது கடவுளைக் குற்றவாளி ஆக்குது. துக்கத்துல இருக்கறவங்களுக்குக் காரணம் சொல்லக் கூடாது."

மாமி என்னைப் பார்த்தார். "நீ யாருடா அம்பி? இன்ஸ்பெக்டரா?"

மோசஸ் அண்ணன் என் காலை மிதித்தார். அதற்குள் அக்கா பேச ஆரம்பித்துவிட்டார். ஏழு நாளில் முதல்முறையாக வாய்விட்டு. எங்களைப் பார்த்தல்ல, சுவரைப் பார்த்து.

"பதினொரு நாளு ஐசியூ வாசல்ல நின்னு கேட்டேன். முட்டுக்கால்ல நின்னு கேட்டேன். என் உசுர எடுத்துக்கோன்னு கேட்டேன். அவரு கேக்கல்ல. அவருக்கு எங்க காது? கொடுமைக்காரன். எம்பிள்ள அவருக்கு என்ன செஞ்சா?"

ஐந்து ஞாயிறு நான் நடத்திய பாடம் இதுதான். யோபு கடவுளைப் பார்த்து இதைவிடக் கடுமையாகப் பேசினான், அதைப் பொறுக்காமல் வாயை அடைக்கப் போனதுதான் நண்பர்களின் தப்பு என்று பலகையில் எழுதி இரண்டு கோடும் போட்டிருந்தேன்.

"அக்கா, ஆண்டவரை அப்படிச் சொல்லாதீங்க" என்றேன்.

மோசஸ் அண்ணன் தலைகுனிந்தபடி, உதடு அசையாமல், "டிங்" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். கத்தவில்லை.

"எந்தா எபி? யோபு சொன்னா அது பாடம், நான் சொன்னா பாவமா?"

என் வாழ்க்கையில் விளக்கம் இல்லாமல் நின்ற முதல் தருணம் அதுவாக இருக்கும்.

"ஏழு நாளா வந்து, செத்த வீட்டுல எம்மூஞ்சியப் பாத்துட்டு சாயா குடிச்சிட்டுப் போறீங்க. எம்பிள்ள பேர ஒருத்தர் சொல்லல. அவ இருந்தாளா இல்லியான்னு எனக்கே சந்தேகமாப் போச்சு. இதுக்குப் பேருதான் அலட்டு. போங்க. இனி வராண்டாம்."

நாங்கள் எழுந்தோம். மாமியும் எழப்போனார். அக்கா அவர் கையை விடவில்லை. "மாமி இரிங்க."

தப்பான வாக்கியம் சொன்னவர் உள்ளே. லேமினேட் செய்த கார்டு வைத்திருந்தவர்கள் வெளியே. கரமனைப் பாலம் வரை யாரும் பேசவில்லை. அப்போதுதான் எங்கள் மௌனம் முதல்முறையாக உண்மையானதாக இருந்தது.

நாற்பத்திரண்டாம் அதிகாரம்

கடைசி ஞாயிறு வகுப்பை ரத்து செய்யலாம் என்றேன். "எடே, பாதியில விட்டா அது இன்னும் நாணக்கேடு. வாசி" என்றார் மோசஸ் அண்ணன். மணியை நான் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

வாசித்தோம். முப்பத்திரண்டாம் அதிகாரத்தில் எலிகூ என்று ஒரு இளைஞன் முளைக்கிறான். பெரியவர்கள் பேசட்டும் என்று காத்திருந்தவனாம். வயிறு முட்ட வார்த்தை, பேசாவிட்டால் வெடித்துவிடுவேன் என்கிறான். ஆறு அதிகாரம் நிறுத்தாமல் பேசுகிறான். யாரும் பதில் சொல்லவில்லை. நான் வாசிக்க வாசிக்க மற்ற மூவரும் ஜன்னல், கூரை, செருப்பு என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி அதிகாரம். யோபு ஏன் துன்பப்பட்டான் என்று கடவுள் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் எலிப்பாஸிடம் சொல்கிறார்: உன்மேலும் உன் இரண்டு நண்பர்கள்மேலும் எனக்குக் கோபம். என்னைப் பற்றி யோபு பேசியதுதான் சரி, நீங்கள் பேசியது சரியில்லை.

ஜெசிந்தா டீச்சர் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். "தம்பி, ஒண்ணு கவனிச்சியா? இந்த மூணு பேரும் இத்தனை அதிகாரத்துல கடவுள்கிட்ட ஒரு வரி பேசல. அவரைப் பத்தித்தான் பேசறாங்க. யோபு ஒருத்தன்தான் அவரைப் பார்த்தே சண்டை போடறான். நம்ம பிரிசில்லா அன்னிக்குச் செஞ்சது ஜெபம்ப்பா. நீ நடுவுல போய்..."

"தெரியுது டீச்சர்."

"பெனால்டி என்ன போட்டிருக்கு?" என்றார் தங்கையன் சார்.

ஏழு காளை, ஏழு ஆட்டுக்கடா. மன்னிப்பு கேட்டுத் தூரத்திலிருந்து அனுப்பிவிட முடியாது. ஓட்டிக்கொண்டு யோபிடமே போக வேண்டும். அவன் அவர்களுக்காக ஜெபம் செய்தால்தான் தீரும். யாரை வாயடைத்தார்களோ அவன் வாயில்தான் அவர்கள் பிழைப்பு.

"எலிகூவுக்கு எவ்வளவு?" என்றார் மோசஸ் அண்ணன்.

"ஒண்ணும் இல்ல. அவன் பேரே வரல" என்றேன்.

"ஓ. அவன ஒரு ஆளாவே எடுக்கல."

யாரும் சிரிக்கவில்லை, அவர்கூட. "சும்மா சொன்னேன்டே. எந்திரி. போவோம்" என்றார்.

பட்டன்

கதவைத் திறந்த அக்கா எங்களை உள்ளே கூப்பிடவில்லை. மூடவும் இல்லை. பின்னால் மாமி தெரிந்தார். நான் முன்னால் நின்றேன். பஸ்ஸில் மூன்று பத்தி தயார் செய்திருந்தேன். அக்காவைப் பார்த்ததும் இரண்டரைப் பத்தி போய்விட்டது.

"அக்கா, பெனிட்டா விஷயத்துல நான் தப்பா நடந்துட்டேன். அலட்டுக்கு நீங்க சொன்ன அர்த்தம்தான் சரி. மாமி, உங்ககிட்டயும்."

பெயரைக் கேட்டதும் அக்காவின் கண் நிறைந்தது. நான் பயந்த அழுகை அதுதான். அது வந்தால் என்ன ஆகும் என்று பயந்தேனோ அப்படி ஒன்றும் ஆகவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

தங்கையன் சார் ஏழு காளை விஷயத்தை முறைப்படி எடுத்துச் சொன்னார். நாங்கள் என்ன செய்ய வேண்டும், அக்கா சொன்னால் போதும். முடிந்தால் எங்களுக்காக ஒரு ஜெபமும்.

"ஜெபமெல்லாம் எனக்கு இப்ப வராது சார்" என்றார் அக்கா. மூலையிலிருந்த மூட்டையைப் பார்த்தார். "சட்டைக்குக் காஜா ஓட்டை எடுத்து வந்தாச்சு. பட்டன் மட்டும் வெக்கணும். அது அவ வேலை. அந்த டப்பாவ என்னால திறக்க முடியல. நாளும் போகுது. குழந்தைங்களுக்குச் சட்டை வேணும் அல்லே?"

மோசஸ் அண்ணன் டப்பாவைத் திறந்தார். பட்டன்களுக்கு நடுவில் நீளமான கறுப்பு முடி ஒன்று சுருண்டு கிடந்தது. அக்கா அதை எடுத்துத் தன் பைபிளுக்குள் வைத்தார். பிறகு எங்களுக்கு ஆளுக்கொரு ஊசி கோத்துக் கொடுத்தார். எல்லாரும் தரையில் உட்கார்ந்தோம்.

நான்கு நாள் போனோம். அந்த நாலு நாளும் அக்கா பேசினார். பெனிட்டாவுக்குப் பரீட்சைக்கு முன்னால் தும்மல் வரும் என்று சொன்னார். கடவுளை ஏசினார். அவள் ஒரு பாட்டில் எப்போதும் ஒரே இடத்தில் தாளம் தப்புவாள் என்று சொன்னார், சிரித்தார், மறுபடி ஏசினார். சாயாவை மோசஸ் அண்ணன் போட்டார், ஏலக்காய் இல்லாமல். மாமி அவ்வப்போது, "எல்லாம் விதிடீ" என்பார். என் நாக்கு துடிக்கும். ஊசியை விரலில் குத்திக்கொள்வேன், சில சமயம் தெரியாமல், சில சமயம் வேண்டுமென்றே.

என் பட்டன்களை மாமி இழுத்துப் பார்ப்பார். கையோடு வந்துவிடும். "அம்பி, அன்னிக்கு நீ எனக்குச் சொன்னே. இன்னிக்கு நான் சொல்றேன். இது பட்டன் இல்லே, பொட்டு. திரும்ப வை."

நாலாம் நாள் சாயங்காலம் கடைசிச் சட்டையை மடித்து வைத்தபின் அக்கா ஒரு பழைய அளவு நோட்டை எடுத்து யார் யார் எவ்வளவு என்று எழுதினார். தொண்ணூற்றாறு சட்டை, சட்டைக்கு ஏழு. டீச்சர் இருநூறு, அண்ணன் நூற்று எண்பது, சார் நூற்றைம்பது. நான் நூற்று நாற்பத்திரண்டு. அதில் மாமி பிய்த்துப் போட்டு நான் திரும்ப வைத்தது முப்பத்தெட்டு என்று என் பெயருக்கு நேராகத் தனியாகக் குறித்தார். ஆக மொத்தம் அறுநூற்று எழுபத்திரண்டு பட்டன், ஒடிந்த ஊசி ஒன்பது.